மூட்டைகளை இறக்கிய பிறகு

தளம் போட்டு 28 நாள் முடிந்து ஆய்வகத்திலிருந்து கியூப் முடிவு வருகிறது. வரைபடத்தில் எம்25 என்று எழுதியிருக்கிறது. அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் கான்கிரீட். உடைத்துப் பார்த்த கட்டிகளோ 19, 20, 21 என்ற அளவிலேயே நொறுங்கிவிட்டன. மேலே அடுத்த மாடிக்குத் தூண் கம்பிகள் நிற்கின்றன, வேலையாட்கள் காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் கட்டமைப்புப் பொறியாளர் ஒரு கடிதம் எழுதுகிறார்: "இந்தத் தளத்துக்குச் சுமைச் சோதனை செய்து முடிவைக் கொடுத்த பிறகுதான் மேல்வேலை தொடர வேண்டும்."

கட்டட உரிமையாளருக்கு இது தண்டனையாகத் தோன்றும். மேஸ்திரி உடனே ஒரு பதில் சொல்வார்: "சார், ஒரு மாசமா இது மேலதான் செங்கல், ஜல்லி எல்லாம் அடுக்கி வச்சிருந்தோம். ஒரு கீறல்கூட விழலையே, இதுக்கு மேல என்ன டெஸ்ட்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செங்கல் பெரும்பாலும் சுவர் ஓரமாகவோ பீமுக்கு மேலாகவோதான் அடுக்கப்பட்டிருக்கும். தளத்தின் நடுப்பகுதிக்கு அந்தப் பாரம் போயிருக்காது. கீழே சில ஜாக்கிகள் எடுக்கப்படாமல் நின்றிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தளம் எவ்வளவு தொய்ந்தது, பாரத்தை எடுத்ததும் எவ்வளவு மீண்டது என்று யாரும் அளக்கவில்லை. விழவில்லை என்பது மட்டும்தான் தெரியும். பொறியாளருக்குத் தேவையானது மீண்டதா என்ற விவரம். சுமைச் சோதனையின் உயிர் அதில்தான் இருக்கிறது. மூட்டைகளை ஏற்றும்போது கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். தளத்தின் தலைவிதியை முடிவு செய்யும் அளவு பெரும்பாலும் மூட்டைகளை இறக்கிய மறுநாள், யாரும் இல்லாத நேரத்தில் எடுக்கப்படுகிறது.

கியூப் முடிவு குறைந்தவுடனே மூட்டையை ஏற்றுவதில்லை. கியூப் என்பது தளம் அல்ல; தளத்துக்கு ஊற்றிய கலவையில் கொஞ்சத்தை அச்சில் நிரப்பி எடுத்த கட்டி. சரியாகக் குத்தாமல் நிரப்பியிருந்தாலோ, தண்ணீரில் போடாமல் வெயிலில் கிடந்திருந்தாலோ, நல்ல கான்கிரீட்டின் கியூபும் தோற்றுவிடும். எனவே அடுத்த படி, தளத்திலிருந்தே வட்டமாகத் துளைத்து எடுக்கும் கோர் சோதனை. இந்தியாவில் கான்கிரீட் கட்டடங்களுக்கான விதிநூல் ஐ.எஸ். 456. அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, குறைந்தது மூன்று கோர்களாவது எடுக்க வேண்டும் என்கிறது. கோர்களின் வலிமையைக் கியூப் வலிமையாக மாற்றிக் கணக்கிட்டால், சராசரி குறிப்பிட்ட தரத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்25க்கு இது சராசரி 21.25, தனி ஒன்றுக்கு 18.75. இதில் தேறிவிட்டால் கான்கிரீட்டைப் பற்றிய சந்தேகம் அங்கேயே முடிந்தது. தேறாவிட்டாலோ, கோர் எடுக்கவே முடியாத இடமாக இருந்தாலோதான் விதிநூல் சுமைச் சோதனைக்கு வழி விடுகிறது.

கலவை மட்டுமே காரணம் என்றும் இல்லை. கான்கிரீட் நன்றாக இருந்து கம்பியில் தவறு நேர்ந்திருக்கலாம். வரைபடத்தில் 10 மில்லிமீட்டர் கம்பி கேட்டிருக்க, 8 கட்டப்பட்டிருக்கலாம். பழைய கட்டடத்துக்கு வரைபடமே இல்லாமல் போயிருக்கலாம். தீ விபத்துக்குப் பிறகு, சரிசெய்த தளத்தை நம்பலாமா என்ற கேள்வி எழலாம். நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது பயன்பாடு மாறுவது. வீட்டுத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைப்பார்கள். அந்த வீட்டையே பயிற்சி மையமாக்கினால் வகுப்பறைக்கு உரிய 300 கிலோ வேண்டும். நூலகத்தில் புத்தக அடுக்குகள் நிற்கும் அறையாக்கினால் குறைந்தது 600. வாடகை ஒப்பந்தம் போடும்போது இந்த வேறுபாட்டை யாரும் நினைப்பதில்லை. அலமாரிகள் வந்து இறங்கிய பிறகு, கீழ்வீட்டுக்காரர் கூரையில் கீறலைப் பார்த்த பிறகுதான் பொறியாளரைக் கூப்பிடுகிறார்கள்.

சோதனையை ஒரு மாதிரிக் கணக்கில் முழுதாகப் பார்ப்போம். ஒரு பள்ளிக் கட்டடத்தின் முதல் மாடித் தளம். பீமுக்கும் பீமுக்கும் இடையே 4 மீட்டர், பீமின் நீளம் 9 மீட்டர். இரண்டு பீம்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டத்தின் பரப்பு 36 சதுர மீட்டர். தளத்தின் கனம் 140 மில்லிமீட்டர். கியூபும் தோற்றது, கோரும் தோற்றது.

தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 350 கிலோ. இதற்கு மேல் தரைப்பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒரு 100 கிலோ வரும். அவை இன்னும் போடப்படவில்லை. வகுப்பறையின் பயன்பாட்டுச் சுமை 300 கிலோ. விதிநூல் கேட்பது, முழு நிலைச்சுமையோடு பயன்பாட்டுச் சுமையின் ஒன்றேகால் மடங்கையும் சேர்த்து 24 மணி நேரம் தளத்தின் மேல் வைக்க வேண்டும் என்பது. 300இன் ஒன்றேகால் மடங்கு 375. இங்கே பலர் தவறுகிறார்கள். டைல்ஸ் இன்னும் வரவில்லை என்பதால் அந்த 100 கிலோவை மறந்துவிட்டு 375ஐ மட்டும் ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் நாளைக்குத் தளம் சுமக்கப்போகும் பாரத்தில் ஒரு பகுதி சோதனையிலிருந்து விடுபட்டுப்போகும்.

ஆக முதலில் டைல்ஸுக்கு ஈடாக 3,600 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை 72. அதை ஏற்றிவிட்டுத்தான் அளவுமானிகளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். ஏனென்றால் பயன்பாட்டுச் சுமையால் மட்டும் எவ்வளவு தொய்வு வருகிறது என்பதைத்தான் விதிநூல் கேட்கிறது. அதன் பிறகு 13,500 கிலோ, அதாவது இன்னும் 270 மூட்டை. மொத்தம் 342 மூட்டைகளைத் தலைச்சுமையாக முதல் மாடிக்கு ஏற்றி, மறுநாள் அவற்றில் 270ஐ இறக்கி எடுக்க வேண்டும். வேலை கடினம், செலவும் உண்டு. அந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்காததால் பல இடங்களில் சோதனை வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது.

சிமென்ட் மூட்டைக்கு எடை தெரியும். மணல் மூட்டை என்றால் ஒவ்வொன்றையும் தராசில் வைத்தே ஏற்ற வேண்டும், ஈர மணலும் காய்ந்த மணலும் ஒரே எடை வராது. இரவில் மழை பெய்தால் மணல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். தார்ப்பாய் போட்டு மூடாத சோதனையில், காலையில் எவ்வளவு பாரம் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூட்டைகளை அடுக்கும் முறையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி, சுவர் எழுப்புவது போல நெருக்கமாக அடுக்கினால், தளம் கொஞ்சம் தொய்ந்ததும் மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தாமே ஒரு வளைவாக நின்றுகொள்ளும். செங்கல் அடுக்கினால் இது இன்னும் அதிகம். நடுவில் இருக்க வேண்டிய பாரம் ஓரங்களுக்குப் போய்விடும், தளமோ சுமையே இல்லாமல் தேறிவிடும். ஆகவே தனித்தனி அடுக்குகளாக வைத்து, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது விட வேண்டும். சோதனை நடந்த தளத்தின் புகைப்படத்தைக் காட்டினால் நான் முதலில் தேடுவது இந்த இடைவெளியைத்தான்.

மூட்டைக்குப் பதிலாகத் தண்ணீரையும் நிறுத்தலாம். ஓரங்களில் செங்கல் வரப்பு கட்டி, பிளாஸ்டிக் தாள் விரித்து நிரப்பினால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஆழமும் சதுர மீட்டருக்கு 100 கிலோ. நம் 375 கிலோவுக்கு 37.5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும். தண்ணீர் வளைவாக நிற்காது, பாரம் சீராகப் பரவும், எடை போடும் வேலையும் மிச்சம். ஆனால் தளத்தில் சரிவு இருந்தால் ஆழம் இடத்துக்கு இடம் மாறும்; வரப்பு உடைந்தாலோ கசிந்தாலோ கணக்கு போய்விடும். தளம் மோசமாகத் தொய்யத் தொடங்கினால் தண்ணீர் நடுவை நோக்கிச் சேர்ந்து பாரத்தை அங்கேயே கூட்டும். உடனே வடிக்க ஒரு பெரிய குழாய் தயாராக இல்லாமல் இந்த முறையில் இறங்கக் கூடாது.

சோதிப்பது தளத்தையா பீமையா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பீம்களுக்கு இடையே உள்ள ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பினால் அது தளத்துக்கான சோதனை. நடுவில் ஓடும் பீமைச் சோதிக்க அதன் இரு பக்கத்துக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். பீம் தாங்குவது இரு பக்கத்திலிருந்தும் வரும் பாரத்தை. பீமின் தலைக்கு மேல் ஒரு வரிசை மூட்டையை அடுக்கிவிட்டு பீம் சோதனை முடிந்தது என்று சொல்வதும் நடக்கிறது. அதேபோல 9 மீட்டர் நீளக் கட்டத்தில் நடுவே 2 மீட்டர் அகலத்துக்கு மட்டும் பாரம் ஏற்றினால், சுமையில்லாத இரு பக்கத் தளமும் கைகொடுத்து அந்தப் பகுதியைத் தூக்கிப் பிடிக்கும். முழுக் கட்டத்தையும் நிரப்பினால்தான் தளம் தன் பலத்தில் நிற்கிறதா என்று தெரியும்.

இனி கீழே வருவோம். சோதனையின் உண்மையான வேலை நடப்பது தளத்துக்கு அடியில்தான். தளத்தின் நடுவில் ஒரு டயல் கேஜ், கால் பங்குத் தூரங்களில் இரண்டு, பீம்களின் அடியில் ஒவ்வொன்று. கடிகாரம் போன்ற முகமும் அடியில் மெல்லிய ஊசியும் கொண்ட இந்தக் கருவி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். தலைக்கு மேல் மூட்டை இறங்கும்போதே முள் நகர்வதைப் பார்க்கலாம். கைக்கு உறுதியாகத் தெரியும் கான்கிரீட் ஒவ்வொரு மூட்டைக்கும் பதில் சொல்வதை முதன்முறை பார்க்கும் எவரும் அதை மறக்க மாட்டார்கள். பீம்களின் அடியில் வைக்கும் மானிகளுக்கும் தனி வேலை உண்டு. பீமே 1 மில்லிமீட்டர் இறங்கினால் தளத்தின் நடுவும் கூடவே இறங்கும். அதைக் கழித்தால்தான் தளத்தின் சொந்தத் தொய்வு கிடைக்கும்.

மானிகளைத் தாங்கும் கம்பம் தனியாகத் தரையிலிருந்து எழ வேண்டும். ஆட்கள் ஏறி நிற்கும் சாரத்தில் அதைக் கட்டினால் அவர்கள் நடக்கும் அதிர்வெல்லாம் அளவில் சேரும். கம்பம் இரும்பாக இருந்தால் இன்னொரு சங்கடம். 3 மீட்டர் இரும்புக் கம்பம் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர் நீளும். நாம் தேடும் தொய்வே நாலைந்து மில்லிமீட்டர்தான் என்னும்போது இது சின்ன விஷயம் அல்ல. மொட்டை மாடித் தளமாக இருந்தால் வெயில் மேல்பரப்பைச் சூடாக்கி, பகலில் தளமே மேல்நோக்கிக் குமிழும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் முக்கிய அளவுகளை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், முடிந்தால் விடியற்காலையில் எடுப்பார்கள். சுமை ஏற்றாத பக்கத்துக் கட்டம் ஒன்றிலும் ஒரு மானியை வைத்து, வெயிலால் மட்டும் வந்த அசைவு எவ்வளவு என்று பார்த்துக் கழிப்பார்கள்.

அடிப்பரப்புக்கு முன்கூட்டியே மெல்லிசாகச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் மயிரிழைக் கீறல்கூடத் தெரியும். ஒவ்வொரு கட்டப் பாரத்துக்குப் பிறகும் கீறலின் முனையில் பென்சிலால் கோடு போட்டு நேரத்தை எழுத வேண்டும். நடுவில் குறுக்காக வரும் மெல்லிய கீறல்கள் கான்கிரீட்டில் இயல்பானவை. பீம்களில், ஆதாரத்துக்கு அருகே சாய்வாக ஏறும் கீறல் தோன்றினால் அந்த நொடியே சோதனையை நிறுத்திவிட வேண்டும். அது வெட்டுவிசையால் வருவது, எச்சரிக்கை தராமல் உடைக்கக்கூடியது.

தளத்துக்குக் கீழே பாதுகாப்பு ஜாக்கிகள் நிற்க வேண்டும். ஆனால் அவை தளத்தைத் தொடக் கூடாது. எதிர்பார்க்கும் தொய்வைவிடக் கொஞ்சம் அதிகமாக, நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். தளம் தோற்றால் அவை தாங்கிப் பிடிக்கும். தொட்டுக்கொண்டிருந்தால் சுமையை ஜாக்கிகள்தான் சுமக்கும், சோதனையே பொய்யாகும். ஜாக்கி நிற்கும் இடமும் ஒரு மாடித் தளமாக இருந்தால் அதற்கும் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். மேல்தளம் விழுந்து கீழ்த்தளத்தையும் இழுத்துக்கொண்டு போவதை இந்த இரண்டாவது வரிசை முட்டுதான் தடுக்கும். சுமை இருக்கும் நேரத்தில் அளவு எடுப்பவரைத் தவிர யாரும் அடியில் போகக் கூடாது, அவரும் பாதுகாப்பான மேடையிலிருந்து படிக்கும்படி ஏற்பாடு வேண்டும்.

நம் பள்ளித் தளத்துக்குத் திரும்புவோம். 13,500 கிலோவை நான்கு சம பங்காக, நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாகப் பரவும்படி ஏற்றுகிறோம். முதல் பங்குக்குப் பிறகு நடுவில் தொய்வு 0.7 மில்லிமீட்டர், இரண்டாவதுக்குப் பிறகு 1.5, மூன்றாவதுக்குப் பிறகு 2.5, நான்காவதுக்குப் பிறகு 3.7. ஒவ்வொரு பங்கும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தொய்ய வைக்கிறது. கான்கிரீட்டில் புதிய கீறல்கள் விழுந்து, அதுவரை கான்கிரீட் இழுத்துப் பிடித்த விசை கம்பிக்கு மாறுவதன் அடையாளம் அது. கடைசிப் பங்கு முந்தியதைப் போல இரண்டு மூன்று மடங்கு தொய்வைத் தந்திருந்தால், அல்லது மூட்டை ஏற்றுவதை நிறுத்திய பிறகும் முள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், அங்கேயே பாரத்தை இறக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

24 மணி நேரம் கழித்து முள் 4.9இல் நிற்கிறது. இப்போது விதிநூலின் முதல் வாசல். தளம் போதிய விறைப்போடு இருந்து மிகக் குறைவாகவே தொய்ந்தால், மீட்சியை அளக்கவே தேவையில்லை என்று அது சொல்கிறது. அந்த எல்லைக்கு ஒரு எளிய சூத்திரம்:

`40 l²/D`

இதில் l என்பது மீட்டரில் இடைத்தூரம், D என்பது மில்லிமீட்டரில் தளத்தின் கனம். நமக்கு 40ஐ 16ஆல் பெருக்கி 140ஆல் வகுத்தால் 4.57 மில்லிமீட்டர். தளம் தொய்ந்தது 4.9. எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. இதனால் தோற்றுவிட்டது என்று பொருள் இல்லை; இனி மீட்சியைப் பார்த்தே முடிவு சொல்ல முடியும்.

மூட்டைகளை இறக்குகிறார்கள். டைல்ஸுக்கு ஈடான 72 மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. கடைசி மூட்டை இறங்கியதும் முள் 1.7இல் நிற்கிறது. உரிமையாளருக்குக் கவலை. ஆனால் கான்கிரீட் உடனே முழுதாகத் திரும்பாது, மெதுவாகத்தான் வரும். இன்னும் 24 மணி நேரம் அதற்கு அவகாசம் உண்டு. மறுநாள் அதே நேரத்தில் முள் 1.1 காட்டுகிறது. 4.9இல் 3.8 திரும்பிவிட்டது, ஏறக்குறைய 78 சதவீதம். தேவைப்படுவது 75. தளம் தேறியது.

மறுநாள் முள் 1.5இல் நின்றிருந்தால்? திரும்பியது 3.4, அதாவது 69 சதவீதம்தான். அப்போதும் விதிநூல் தளத்தை உடனே நிராகரிப்பதில்லை. 72 மணி நேரம் விட்டு இன்னொரு முறை சோதிக்கலாம், ஆனால் இந்த முறை 80 சதவீதம் திரும்ப வேண்டும். இரண்டாம் முறை எல்லை ஏன் கடுமையாகிறது? புதுக் கயிறு பின்னிய கட்டிலில் முதன்முதலாக ஒருவர் உட்கார்ந்தால் கயிறு தளர்ந்து இறங்கும். எழுந்த பிறகும் பழைய நிலைக்கு வராது. அடுத்த நாள் உட்கார்ந்தால் அந்தத் தளர்வு மறுபடி வராது. கான்கிரீட்டும் முதல் சுமையில் கீறி, ஆதாரங்களில் படிந்து, கம்பியோடு தன் பிடிப்பைச் சரிசெய்துகொள்கிறது. ஒரே ஒருமுறை நடக்க வேண்டிய தளர்வு அது. இரண்டாம் முறை 4.7 தொய்ந்து 0.8 மட்டும் மிச்சம் நின்றால், திரும்பியது 83 சதவீதம். முதல் முறை பார்த்தது அந்தத் தொடக்கத் தளர்வுதான் என்று நிம்மதி அடையலாம். இரண்டாம் முறையும் திரும்பாவிட்டால் உள்ளே ஏதோ நிரந்தரமாக இடம் மாறிக்கொண்டிருக்கிறது: கம்பி நீண்டுவிட்டிருக்கும், அல்லது கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டிருக்கும். அத்தகைய தளத்தை ஏற்க முடியாது.

தேறிய தளத்தைப் பற்றியும் ஒரு கணக்கை உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் நம் தளம் சுமக்கப்போவது நிலைச்சுமை 450, பயன்பாடு 300, மொத்தம் 750 கிலோ. சோதனையில் வைத்தது 450உம் 375உம் சேர்ந்து 825. அன்றாடப் பாரத்தைவிடப் பத்து சதவீதம்தான் கூடுதல். வடிவமைப்பாளரோ 750ஐ ஒன்றரை மடங்காக்கி 1,125 கிலோ வரை உடையக் கூடாது என்று கணக்குப் போட்டிருப்பார். சோதனை தொட்டது அதில் 73 சதவீதத்தை. எனவே "1.25 மடங்கு சோதித்தாகிவிட்டது, இனி மேலே இன்னொரு மாடி கட்டலாம்" என்ற பேச்சுக்கு இந்தச் சோதனையில் ஆதாரம் எதுவும் இல்லை. ஒன்றேகால் மடங்கு என்பது பயன்பாட்டுச் சுமைக்கு மட்டும்; முழுச் சுமைக்கும் அல்ல. இந்தத் தளம் இந்தப் பயன்பாட்டுக்கு, இன்றைய நிலையில் சரியாக நடந்துகொள்கிறது என்று சொல்லும் அளவுக்குத்தான் இந்த முடிவுக்கு உரிமை உண்டு.

இன்றைய நிலை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கடற்கரையோர ஊர்களில் முப்பது வருடத் தளங்கள் அடிப்பூச்சு பெயர்ந்து, கம்பி துருப்பிடித்து நிற்பதை நிறையப் பார்க்கிறோம். அத்தகைய தளமும் சில சமயம் சுமைச் சோதனையில் தேறிவிடும், கம்பியில் இன்னும் கொஞ்சம் சதை மிச்சம் இருப்பதால். துரு நாளைக்கும் தொடரும், சோதனைச் சான்றிதழ் அதை நிறுத்தாது. அங்கே பணத்தைச் செலவிட வேண்டியது துருவைச் சரிசெய்வதில்.

பால்கனியிலும் இந்தச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்னால் நீண்டு நிற்கும் தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதை மிதித்து மிதித்துக் கீழே தள்ளிவிடுவது உண்டு. அப்படித் தாழ்ந்த கம்பியுள்ள பால்கனி, நடுத்தளம் போல மெல்லத் தொய்ந்து எச்சரிக்காமல், சுவரோரத்தில் திடீரென்று முறியலாம். இங்கே மூட்டை ஏற்றுவதைவிட, சுவரோரமாக மேல்பூச்சைச் செதுக்கி, கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது நல்லது. காந்த முறையில் கம்பியைக் கண்டுபிடிக்கும் கவர் மீட்டர் இருந்தால் செதுக்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.

தூணுக்கும் அடித்தளத்துக்கும் இது பொருந்தாது. வளைந்து தாங்கும் உறுப்புகளைத் தவிர மற்றவற்றைக் கணக்கீட்டால் ஆராய்வதே நல்லது என்கிறது ஐ.எஸ். 456. அமெரிக்காவின் ரசீன் நகரில் 1937இல், ஜான்சன் நிறுவன அலுவலகத்துக்கு பிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த மெல்லிய தூண்களை அதிகாரிகள் நம்பவில்லை. 12 டன் தாங்கினால் போதும் என்ற தூணின் மாதிரியைத் தனியே வார்த்து, அதன் மேல் 60 டன் வரை ஏற்றிக் காட்டினார். சோதித்தது தனியாகக் கட்டிய ஒரு மாதிரி, அதைப் பின்னர் இடித்துத் தள்ளவும் முடிந்தது. மக்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தூணை அப்படிச் சோதிக்க முடியாது.

தோற்ற தளத்தை எல்லா நேரமும் இடிக்க வேண்டியதில்லை. நம் 4 மீட்டர் இடைத்தூரத்தின் நடுவே ஓர் இரும்பு பீமைக் கொடுத்து, தளத்துக்கும் பீமுக்கும் இடையே இடைவெளியில்லாமல் கெட்டிக் கலவை அடைத்தால் இடைத்தூரம் பாதியாகிவிடும். ஆனால் நடுவே புதிய ஆதாரம் வந்துவிட்டால் அந்த இடத்தில் மேல்பக்கம் இழுவிசை வரும். அங்கே மேல்கம்பி போதுமா என்று பார்த்தே இதைச் செய்ய வேண்டும். அடிப்பக்கம் கார்பன் இழைப் பட்டைகளை ஒட்டி வலுப்படுத்துவதும் உண்டு, கான்கிரீட்டே மிக மோசமாக இருந்தால் பட்டை ஒட்டிப் பயனில்லை. பயன்பாட்டைக் குறைப்பதும் ஒரு வழி. வகுப்பறைக்குத் தோற்ற தளம் அதைவிடக் குறைந்த சுமைக்குப் போதுமா என்று தனியாகக் கணக்கிட்டு முடிவு செய்யலாம். எதைச் செய்தாலும், சரிசெய்த தளத்தில் அதே 342 மூட்டைகளையும் மறுபடி ஏற்றிப் பார்க்கும்படி பொறியாளர் கேட்டால் அவர் சரியாகத்தான் கேட்கிறார்.

கட்டடத்தை வாங்குபவருக்கோ வாடகைக்கு எடுப்பவருக்கோ "லோடு டெஸ்ட் ஆகிவிட்டது" என்று சொல்லி மூட்டைகள் அடுக்கிய படத்தைக் காட்டினால், அளவுத் தாளைக் கேளுங்கள். எந்தக் கட்டம், எந்தப் பாரம், எந்த நேரம், ஒவ்வொரு மானியும் என்ன காட்டியது, பக்கத்துக் கட்டத்தில் வெயிலால் எவ்வளவு அசைந்தது, மூட்டைகளை இறக்கி 24 மணி நேரம் கழித்து முள் எங்கே நின்றது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்க வேண்டும். கடைசி வரி வெறுமையாக இருந்து, அதிகபட்சத் தொய்வும் சூத்திரத்தின் எல்லையைத் தாண்டியிருந்தால், அந்தத் தளத்தின் சோதனை இன்னும் முடியவில்லை.